காசிக்குப் போகிறோம்: வணக்கம் சொல்ல, வழி கேட்க, வேண்டாம் என்று சொல்ல ஹிந்தியில் எதைக் கற்றுக்கொள்வது?

தாமிரபரணிக்காரி எழுதியது:

அடுத்த மாதம் அப்பா, மாமியார் இருவரையும் அழைத்துக்கொண்டு பிரயாக்ராஜ், காசி, கயா என்று போகிறோம். எங்கள் மூவரில் யாருக்கும் ஹிந்தி தெரியாது. எனக்கு இலக்கணம் வேண்டாம். பார்த்தவுடன் வணக்கம் சொல்ல, மரியாதையாக ஒன்றைக் கேட்க, வேண்டாம் என்றால் மனம் நோகாமல் மறுக்க, இவை போதும். இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலில் 'தயவுசெய்து' என்பதற்கு 'க்ருபயா' என்றும், 'நன்றி'க்கு 'தன்யவாத்' என்றும், 'போய் வருகிறேன்' என்பதற்கு 'அல்விதா' என்றும் போட்டிருக்கிறார்கள். அங்கே மனிதர்கள் உண்மையில் இப்படித்தான் பேசுகிறார்களா? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

---

முன்னாள் மும்பைவாசி எழுதியது:

சகோதரி, அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிடுங்கள். 'அல்விதா' சொன்னால் இனி இந்தப் பிறவியில் சந்திக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். 'க்ருபயா'வை நான் யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. 'நமஸ்தே' என்று கை கூப்புங்கள், 'ஷுக்ரியா' என்று நன்றி சொல்லி விடைபெறுங்கள். ஆட்டோக்காரரிடம் 'பாய், ஸ்டேஷன் சலேகா க்யா?' என்றால் வந்துவிடுவார். 'ஆப்' என்றால் நீங்கள், 'தும்' என்றால் நீ என்றெல்லாம் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'தும்' என்றே பல ஆண்டுகள் காலம் தள்ளியவன் நான்.

---

கங்கைக்கரை மருமகள் எழுதியது:

மேலே நண்பர் சொன்னதில் முதல் பாதி முழுக்கச் சரி. இரண்டாம் பாதி மும்பைக்குச் சரி, காசிக்குச் சரிவராது. திருமணமாகி வந்ததிலிருந்து வாரணாசியில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

'சலேகா' என்பது மும்பைத் தெருவில் யாரையும் உறுத்தாது. இங்கே அதே சொல்லை வயதில் மூத்த ரிக்‌ஷாக்காரரிடம் சொன்னால் 'வர்றியா?' என்று கேட்டது போல இருக்கும். நமக்கு 'வா', 'வாருங்கள்' என்று இரண்டு படி. ஹிந்தியில் மூன்று. 'சலேகா' என்றால் வருகிறாயா, மிக நெருக்கம் அல்லது மிக அலட்சியம். 'சலோகே' என்றால் சம வயது நண்பன், தம்பி. 'சலேங்கே' என்றால் வருகிறீர்களா. முன்பின் தெரியாதவர் யாராக இருந்தாலும் 'சலேங்கே' என்றே கேளுங்கள். அதிக மரியாதை கொடுத்துவிட்டார்கள் என்று இங்கே எவரும் கோபித்துக்கொண்டதில்லை.

'தயவுசெய்து' என்பதற்குத் தனிச் சொல் தேட வேண்டாம். அது வினையின் கடைசியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'தே' என்றால் கொடு, 'தோ' என்றாலும் கொடு, ஆனால் கொஞ்சம் மெதுவாக. 'தீஜியே' என்றால் கொடுங்கள். அந்த 'இயே' ஓசை வந்துவிட்டால் மரியாதையும் வந்துவிட்டது. சொல்லுங்கள் என்பதற்கு 'போலியே', உட்காருங்கள் என்பதற்கு 'பைட்டியே', காது கொடுத்துக் கேளுங்கள் என்பதற்கு 'சுனியே', எடுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு 'லீஜியே'. இன்னும் குழைவாகக் கேட்க விரும்பினால் முன்னால் ஒரு 'ஜரா' சேருங்கள், நம் ஊர் 'கொஞ்சம்' போல. 'ஜரா பானீ தீஜியே' என்றால் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

உச்சரிப்பில் ஒன்று. தமிழ் எழுத்தில் எழுதும்போது வல்லின வேறுபாடு தொலைந்துவிடும். 'தீஜியே'யின் 'தீ' தீபாவளியில் வரும் 'தீ'. 'போலியே', 'பைட்டியே' இவற்றின் முதல் எழுத்து 'பஸ்'ஸில் வரும் 'ப'. 'சலேங்கே' என்பதில் சட்னியின் 'ச'. இந்த மூன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். மூச்சு ஒலிகள் சரியாக வராவிட்டாலும் புரிந்துகொள்வார்கள்.

---

பழைய மாணவன் எழுதியது:

நான் பள்ளி நாட்களில் தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபாவின் பிராத்மிக், மத்யமா இரண்டும் எழுதித் தேறியவன். 'க்ருபயா' என்று தொடங்குவதே மரியாதை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதைக் கைவிடச் சொல்வது சரியல்ல. கூடவே ஒரு கேள்வி. என் பேரன் இந்த ஆண்டு பிராத்மிக் எழுதுகிறான். எழுத்துத் தேர்வுக்கு நல்ல பயிற்சி நூல் எதுவென்று யாராவது சொல்ல முடியுமா?

---

கங்கைக்கரை மருமகள் எழுதியது:

ஐயா, 'க்ருபயா' பிழையான சொல் அல்ல. ரயில் நிலையத்தில் 'யாத்ரீகண் க்ருபயா த்யான் தேன்' என்று ஒலிபெருக்கி முழங்குகிறதே, அங்கே வாழ்கிறது அது. அறிவிப்புப் பலகையிலும் அலுவலகக் கடிதத்திலும் உண்டு. தேநீர்க் கடையில் 'க்ருபயா ஏக் சாய் தீஜியே' என்றால் கடைக்காரர் புன்னகையோடு சாய் கொடுப்பார். அந்தப் புன்னகை எதற்கென்று உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பேரனுக்கு வாழ்த்துகள். நூல் பற்றித் தனி இழை தொடங்குங்கள், இங்கே கேட்டால் காணாமல் போகும்.

---

தாமிரபரணிக்காரி எழுதியது:

'இயே' விஷயம் தெளிவாகிவிட்டது, மிக்க நன்றி. அடுத்த சந்தேகம். எதிரில் இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது? இங்கே அண்ணா, அக்கா, அம்மா, ஐயா என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவோம். அங்கே 'சார்' என்றே எல்லோரையும் சொல்லலாமா?

---

கங்கைக்கரை மருமகள் எழுதியது:

உறவுமுறை அங்கேயும் அப்படியே. ரிக்‌ஷாக்காரர், படகுக்காரர், கடைக்காரர், உணவு பரிமாறுபவர் என்று ஆண்கள் எல்லோரும் 'பையா', அதாவது அண்ணன். இந்த 'பை'யும் பஸ்ஸின் 'ப'தான். தமிழ் 'பையா' போலச் சொல்லிவிட்டால் பெரியவரைப் பையன் ஆக்கிவிடுவீர்கள்! பெண்கள் 'தீதி', வயதான பெண்கள் 'மாத்தாஜி' அல்லது 'அம்மா', வயதான ஆண்கள் 'பாபூஜி' அல்லது 'சாச்சா'. டிக்கெட் பரிசோதகர், வங்கி அலுவலர், மருத்துவர் ஆகியோருக்கு 'சர்', 'மேடம்' பொருந்தும்.

யாரையும் அழைக்கத் தெரியாதபோது 'சுனியே' என்று மட்டும் சொல்லலாம். நம் 'ஏங்க' போல. மனைவிமார் கணவரைக் கூப்பிடுவதும் அதே சொல்லால்தான், அதற்காகத் தயங்க வேண்டாம், தெருவில் எல்லோரும் சொல்வார்கள்.

'ஜீ' என்ற ஓரெழுத்தை மறக்காதீர்கள். 'ஹான்' என்றால் ஆம், 'ஜீ ஹான்' என்றால் ஆமாங்க. 'ஜீ நஹீன்' என்றால் இல்லைங்க. அவர் சொன்னது காதில் விழவில்லையென்றால் 'க்யா?' என்று கேட்பது 'என்ன?' என்று அதட்டுவது போல ஆகும். 'ஜீ?' என்று குரலைச் சற்று உயர்த்தினால் போதும், அவரே திரும்பச் சொல்வார்.

உங்கள் அப்பாவுக்கு ஒரு சலுகை உண்டு. வயதானவர் என்பதால் இளைஞர்களை 'பேட்டா' என்று அழைக்கலாம், மகனே என்று பொருள். 'பேட்டா, ஜரா ராஸ்தா பத்தானா' என்றால் தம்பி, கொஞ்சம் வழி சொல்லேன் என்ற பக்குவம் வந்துவிடும். நீங்கள் அப்படிக் கேட்டால் பொருந்தாது, 'பத்தா தீஜியே' என்றே சொல்லுங்கள்.

---

முன்னாள் மும்பைவாசி எழுதியது:

'பையா' பற்றி ஓர் எச்சரிக்கை. காசியில் அது அண்ணன். மும்பையிலும் பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்களை இளக்காரமாகக் குறிக்கவும் அதே சொல் பயன்படுகிறது. அமிர்தசரஸ் போகிறவர்கள் 'பாஜி' என்றும், பெண்களை 'பைண்ஜி' என்றும் அழைப்பது நல்லது. இதை நான் சொந்தக் காதால் கேட்டிருக்கிறேன், மருமகள் அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

---

கங்கைக்கரை மருமகள் எழுதியது:

மறுக்கவில்லை. முழுக்கச் சரி.

---

ரயில்பூச்சி எழுதியது:

சென்னையிலிருந்து போனால் இரண்டு இரவு ரயிலில் கழியும். நாக்பூர் தாண்டியதும் பெட்டியின் பேச்சே மாறிவிடும். ரயிலில் என்னைக் காப்பாற்றிய சொற்கள் மிகக் கொஞ்சம்தான்.

இடம் மாறி யாராவது உட்கார்ந்திருந்தால் டிக்கெட்டைக் காட்டி, 'பையா, ஷாயத் யஹ் சீட் ஹமாரீ ஹை' என்பேன். 'ஷாயத்' என்றால் ஒருவேளை. அந்த ஒரு சொல்லில் சண்டை தணிந்துவிடும். பகலில் கீழ்ப் பெர்த்தில் உட்கார இடம் கேட்க 'தோடா கிசக் ஜாயியே', கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். வழி விடச் சொல்ல 'ஜரா ஸைட் தீஜியே'. காலை மிதித்துவிட்டால் 'ஸாரி' என்றாலே போதும், பதிலுக்கு 'கோயீ பாத் நஹீன்' என்பார்கள், பரவாயில்லை என்று பொருள்.

சாப்பாட்டு நேரத்தில் எதிர் இருக்கைக் குடும்பம் பூரியையும் ஊறுகாயையும் நீட்டி 'லீஜியே' என்னும். ஒரு முறை மறுத்தால் விடமாட்டார்கள், மறுபடியும் நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் வலக்கையை நெஞ்சில் வைத்து 'ஜீ பஸ், ஹமாரே பாஸ் ஹை' என்று சொல்லுங்கள், போதும், எங்களிடம் இருக்கிறது என்று பொருள். போதும் என்பதற்கு ஹிந்தியில் 'பஸ்'தான், நம்மூர்ப் பேருந்தேதான்.

'நன்றி'யை அளவோடு சொல்லுங்கள். சாய் கொடுத்ததற்கெல்லாம் 'தன்யவாத்' சொன்னால் கூட்டத்தில் உரை ஆற்றுவது போலிருக்கும். நகரத்தில் 'தேங்க் யூ'தான் அதிகம் கேட்கிறது. கடையிலிருந்து கிளம்பும்போது 'டீக் ஹை பையா', சரி அண்ணா, என்று தலையசைப்பதே பெரும்பாலும் போதுமானது.

---

தென்காசிச் சாரல் எழுதியது:

எதற்கு இவ்வளவு? காசியில் கேதார் காட், ஹனுமான் காட் பக்கம் போனால் தமிழிலேயே பேசிவிடலாம். நகரத்தார் சத்திரம் இருக்கிறது, குமாரசாமி மடம் இருக்கிறது. பாரதியார் தங்கிப் படித்த தெருவும் அங்கேதான். ஆங்கிலம் கொஞ்சம், தமிழ் கொஞ்சம், முடிந்தது. வீட்டுக்கு வீடு ஹிந்தி கற்பிப்பது நம் வேலையா?

---

தாமிரபரணிக்காரி எழுதியது:

ஐயா, சத்திரத்துக்குள் தமிழ் பேசலாம். சத்திரம் வரைக்கும் எங்களைக் கொண்டு போகும் ரிக்‌ஷாக்காரரிடம்? அந்த மடத்தை நிறுவிய குமரகுருபரரே, அங்கே ஆட்சியாளரிடம் பேசுவதற்கு இந்துஸ்தானி வேண்டுமென்று கலைமகளைப் பாடி வேண்டியதாகத்தான் கதை. எனக்கு அவ்வளவு பாட வராது, அதனால் இங்கே கேட்கிறேன்.

---

கங்கைக்கரை மருமகள் எழுதியது:

அந்த ரிக்‌ஷாவையே எடுத்துக்கொள்வோம். வாரணாசி ஜங்ஷனில் இறங்குகிறீர்கள், உள்ளூரில் இதைக் 'கைண்ட்' என்பார்கள். ஹனுமான் காட் சந்துக்குள் வண்டி போகாது, சோனார்புரா வரைதான் போகும், அங்கிருந்து நடை. வாசலில் இ-ரிக்‌ஷாக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். நீங்களே ஒருவரிடம் போங்கள்.

நீங்கள்: நமஸ்தே பையா. சோனார்புரா சலேங்கே?
அவர்: ஹான் ஜீ, பைட்டியே.

இங்கேதான் பலர் ஏறிவிடுவார்கள். ஏறாதீர்கள்.

நீங்கள்: கித்னா லேங்கே? தீன் லோக் ஹைன்.

எவ்வளவு வாங்குவீர்கள், மூன்று பேர் இருக்கிறோம். அவர் ஒரு தொகை சொல்வார். அது தலைக்கா, மூவருக்கும் சேர்த்தா என்பதை உடனே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 'தீனோன் கா?' என்றால் மூவருக்குமா. அதிகம் என்று பட்டால் 'ஜ்யாதா ஹை பையா, டீக்-டீக் லகாயியே', சரியான விலையாகப் போடுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டியதில்லை, சிரித்துக்கொண்டே சொன்னால்தான் வேலை ஆகும். ஒத்துவராவிட்டால் 'ரஹ்னே தீஜியே', இருக்கட்டும் விடுங்கள், என்று சொல்லி நகருங்கள். பின்னாலிருந்து கூப்பிடும் வாய்ப்பு அதிகம்.

வழியில் வேகமாகப் பேசுவார். 'ஹிந்தீ தோடீ-தோடீ ஆத்தீ ஹை, தீரே போலியே', ஹிந்தி கொஞ்சம்தான் வரும், மெதுவாகப் பேசுங்கள். அடுத்த கேள்வி நிச்சயம் 'கஹான் சே ஆயே ஹைன்?' எங்கிருந்து வருகிறீர்கள் என்று பொருள். 'தமில்நாடு சே' போதும். இறங்குமிடம் வந்ததும் 'யஹீன் ரோக் தீஜியே', இங்கேயே நிறுத்துங்கள். பணத்தைக் கொடுக்கும்போது 'லீஜியே பையா'. மாமியாரின் பையை அவர் இறக்கிக் கொடுத்தால் அப்போது சொல்லுங்கள் உங்கள் 'தன்யவாத்'தை, அதற்கு உரிய இடம் அதுதான்.

ஒரு விசித்திரம். காசியிலும் பீகாரிலும் தனி ஆளே தன்னை 'ஹம்' என்பார், அதாவது 'நாங்கள்'. படகுக்காரர் 'ஹம் லே சலேங்கே' என்றால் கூட்டமாக வரப் போகிறார்கள் என்று பயப்பட வேண்டாம். நமக்கும் அதில் ஒரு வசதி. ஹிந்தியில் நான் போகிறேன் என்பதை ஆண் 'ஜாத்தா ஹூன்', பெண் 'ஜாத்தீ ஹூன்' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். விடைபெறும்போது 'அச்சா, சல்த்தே ஹைன்' என்று பன்மையில் சொல்லிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இங்கே பெண்களும் அப்படிச் சொல்வது வழக்கம். உங்கள் 'போய் வருகிறேன்' அதுவே.

---

ரயில்பூச்சி எழுதியது:

வணக்கத்தைப் பற்றி ஒன்று கேட்க மறந்துவிட்டேன். காசித் தெருவில் 'நமஸ்தே'யை விட 'மஹாதேவ்', 'ஹர் ஹர் மஹாதேவ்' என்ற குரல்தான் காதில் விழுகிறது. நாமும் அப்படியே சொல்லலாமா?

---

கங்கைக்கரை மருமகள் எழுதியது:

அவர் முதலில் 'மஹாதேவ்' என்றால் நீங்களும் 'மஹாதேவ்' என்று திருப்பிச் சொல்லுங்கள், முகம் மலரும். நீங்களாகத் தொடங்குவதென்றால் 'நமஸ்தே' அல்லது 'நமஸ்கார்'. கோவில் பெரியவர், வீட்டு மூத்தவர் என்றால் 'ப்ரணாம்'. மதுராவிலும் விருந்தாவனத்திலும் 'ராதே ராதே'தான் எல்லாமும், வழி விடுங்கள் என்பதற்குக்கூட அதையே சொல்வார்கள். சீக்கியரிடம் 'ஸத் ஸ்ரீ அகால்', லக்னோவின் பழைய தலைமுறையிடம் 'ஆதாப்', கிராமப்புறத்தில் 'ராம் ராம்'. எந்த இடத்திலும் 'நமஸ்தே' தவறாகப் போகாது.

---

முன்னாள் மும்பைவாசி எழுதியது:

இதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளூர்க்காரனின் வணக்கத்தை முந்திக்கொண்டு சொல்வதில்தான் நெருக்கம் வரும். நான் போன இடமெல்லாம் அப்படித்தான் தொடங்கினேன்.

---

கங்கைக்கரை மருமகள் எழுதியது:

உங்கள் குரலுக்கு அது பொருந்தியிருக்கலாம். முதன்முறை வருகிறவர் கடவுள் பெயரில் வணக்கம் தொடங்கினால், படித்துறையில் நிற்கும் தரகர்கள் யாத்திரிகர் என்று கணக்கிட்டுக்கொண்டு பின்னாலேயே வருவதையும் பார்த்திருக்கிறேன். அவரவர் விருப்பம்.

---

தாமிரபரணிக்காரி எழுதியது:

அந்தத் தரகர்களை எப்படி மறுப்பது? மாமியார் யாருக்கும் 'இல்லை' என்றே சொல்ல மாட்டார்.

---

ரயில்பூச்சி எழுதியது:

'நஹீன் சாஹியே' என்றால் வேண்டாம். ஆனால் படித்துறையில் அதைச் சொன்னவுடன் பேரம் தொடங்கும், ஏன் வேண்டாம், விலை குறைக்கிறேன் என்று. 'ஹோ கயா பையா' என்பது இன்னும் பலமானது: ஆகிவிட்டது அண்ணா. படகு ஏறியாகிவிட்டது, பூஜை முடிந்துவிட்டது என்று அவரே பொருள் கொள்வார். கை கூப்பியபடி சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நின்றால் கதை நீளும். பண்டாக்கள் வந்தால் 'ஹமாரே புரோஹித் ஹைன்', எங்களுக்குப் புரோகிதர் இருக்கிறார். யாசகர்களிடம் 'மாஃப் கீஜியே பாபா' என்பார்கள், மன்னியுங்கள் என்பது அங்கே இப்போது இல்லை என்று பொருள்படும். 'சல்', 'ஹட்' என்ற சொற்களைச் சினிமாவில் கேட்டு யாரும் பயன்படுத்த வேண்டாம், நாயை விரட்டுவது போலிருக்கும்.

---

தாமிரபரணிக்காரி எழுதியது:

அப்பாவுக்கு 'பேட்டா', மாமியாருக்கு 'ஹோ கயா', எனக்கு 'தீஜியே' என்று பிரித்துக்கொண்டோம். மாமியார் காலையிலிருந்து பால்காரர் முதல் எல்லோரிடமும் 'ஹோ கயா' சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார். கடைசியாக ஒன்று: கயாவில் பிண்டம் போட்ட பிறகு தட்சிணைத் தொகையில் மனக்கசப்பு வந்ததாக உறவினர் ஒருவர் சொன்னார். அதை மரியாதையாக முன்கூட்டியே கேட்க முடியுமா?

---

கங்கைக்கரை மருமகள் எழுதியது:

கட்டாயம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அமர்வதற்கு முன், சங்கல்பம் தொடங்குவதற்கு முன், 'பண்டித்ஜீ, ப்ரணாம். தக்ஷிணா கித்னீ ஹோகீ? பஹ்லே பத்தா தீஜியே' என்று சொல்லுங்கள். தட்சிணை எவ்வளவு ஆகும், முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்று பொருள். 'ஜோ ஷ்ரத்தா ஹோ', உங்கள் சிரத்தைப்படி, என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பிறகு சிக்கல் வருவது பெரும்பாலும் அந்தப் பதிலிலிருந்துதான். நீங்களே ஒரு தொகையைச் சொல்லி, 'இத்னா தேங்கே, டீக் ஹை?' இவ்வளவு கொடுப்போம், சரியா என்று கேளுங்கள். அவர் 'டீக் ஹை' என்று வாயால் சொன்ன பிறகு உட்காருங்கள். பொருள்கள், தானம் எல்லாம் சேர்த்தா என்பதற்கு 'ஸப் மிலாகர்?' என்ற இரண்டு சொல் போதும். அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள், வயதானவர் கேட்டால் அதிகம் பேரம் பேச மாட்டார்கள்.